நாலு அங்குலச் சந்தேகம்

என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். செருப்போடு சேர்த்துச் சொல்கிறேன் என்று சிலர் சந்தேகப்படுவார்கள், நியாயமான சந்தேகம்தான். எண்பதுகளின் நடுவில் செஞ்சி அரசு ஆஸ்பத்திரிக்கு டாக்டராகப் போன முதல் வாரம், வந்தவர்கள் எல்லாம் என்னைக் கம்பவுண்டர் என்று நினைத்து, பெரிய டாக்டர் எப்போது வருவார் என்று என்னிடமே விசாரித்தார்கள். இதோ வருவார், உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய், வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு நானே வருவேன். முகத்தில் ஏமாற்றம் தெரியும்.

கடைவீதியில் எனக்குத் துணி தைத்த டெய்லர் பாய் மட்டும் ஏமாறவில்லை. முதல் பேண்ட்டுக்கு அளவெடுத்தபோதே, மிச்சத் துணியில் ஒரு பையும் தைத்துத் தரட்டுமா என்று கேட்ட மனிதர். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதர்கள்.

பாய்க்கு ஒரே பையன். அவனைப் பற்றி அவருக்கு ஒரே கவலை: வகுப்பிலேயே குள்ளம், பிரேயரில் எப்போதும் முதல் ஆளாக நிற்கிறான். ஒருநாள் என் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டே, உயரத்துக்கு ஏதோ ஊசி இருக்கிறதாமே, பட்டணத்தில் போடுகிறார்களாமே என்று கேட்டார்.

"இருந்தா மொதல்ல நானே போட்டுக்கினு இருப்பேன் பாய்" என்றேன்.

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பாயும் சிரித்தார். ஒரு நல்ல நகைச்சுவையைச் சொன்ன திருப்தியோடு நான் கிளம்பினேன். அந்த ஊசி அப்போது இறந்தவர்களின் மூளையடிச் சுரப்பியிலிருந்து எடுக்கப்பட்டது, அதைப் போட்டுக்கொண்ட சிலர் வருஷங்கள் கழித்து மூளை நோயில் செத்ததால் வெளிநாடுகளில் நிறுத்திவிட்டார்கள், உங்கள் பையனுக்கு அது தேவையே இல்லை என்றெல்லாம் நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சிரிப்பு கிடைத்துவிட்டது, போதும் என்று இருந்துவிட்டேன்.

ஒரு வருஷம் போயிருக்கும். ரம்ஜான் முடிந்த வாரத்தில் பாய் பையனை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தார். முகமெல்லாம் பரு. களிம்பு எழுதிக் கொடுத்தால் போதும் என்றார். முகத்தில் கவலை இல்லை, பெருமைதான் இருந்தது. பையன் வளர்ந்துவிட்டானாம். பழைய பேண்ட்டின் அடிமடிப்பைப் பிரித்துவிட்டும் பத்தவில்லையாம்.

நான் பையனைப் பார்த்தேன். மேலுதட்டில் அழுக்கு போல ஒரு நிழல். பெயரைக் கேட்டால் குரல் கொஞ்சம் கரகரத்தது. படுக்கச் சொல்லிப் பரிசோதித்தேன். பருவுக்குக் களிம்பு கேட்டு வந்தால் இந்த டாக்டர் எதற்கு டிராயரைக் கழற்றச் சொல்கிறார் என்று அப்பாவும் பிள்ளையும் என்னைப் பார்த்த பார்வை இன்றும் ஞாபகம் இருக்கிறது. அங்கே ரோமம் முளைத்திருந்தது. ஆனால் விதைகள் இரண்டும் சின்னக் குழந்தைக்கு இருப்பது போலவே இருந்தன.

என் சந்தேகம் அங்கேதான் பிடித்தது. ஆண்பிள்ளைக்குப் பருவம் வந்தால் முதலில் பெருப்பது விதைதான். மூளை உத்தரவு போட, அது வளர்ந்து சுரக்க, பிறகுதான் ரோமமும் பருவும் குரலும். இங்கே அடுப்பே பற்றவைக்காமல் சோறு வெந்திருந்தது. அப்படியென்றால் நெருப்பு வேறு எங்கிருந்தோ வருகிறது.

சிறுநீரகத்தின் மேலே உட்கார்ந்திருக்கும் சுரப்பியில் கட்டியாக இருக்கலாம். அல்லது யாரோ வெளியிலிருந்து கொடுக்கிறார்கள். மருந்து ஏதாவது சாப்பிடுகிறானா என்று கேட்டேன். இல்லவே இல்லை என்றார் பாய். பையன் அப்பா முகத்தைப் பார்த்தான். அவன் பார்த்ததை நான் பார்த்தேன்.

"எவ்ளோ வளர்ந்தான் பாய்?"

"நாலு அங்குலம் டாக்டர். நோட்டு இருக்குது."

நோட்டு இருந்தது. ஒவ்வொரு ரம்ஜானுக்கும் பையனுக்குப் புதுத்துணி தைக்கிறவர், கூடவே சுவரோரம் நிறுத்தி ஆள் உயரத்தையும் எழுதி வைத்திருந்தார். எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் இப்படி ஒரு ஆவணம் கிடைக்காது. நாலு வயதிலிருந்து ஒவ்வொரு ரம்ஜானுக்கும் இரண்டு அங்குலம், சில வருஷம் ஒரு நூல் கூட, சில வருஷம் ஒரு நூல் குறைய. கடைசி வருஷம் மட்டும் நாலு.

முதலில் அவருடைய டேப்பையே சந்தேகப்பட்டேன். துணி டேப் சுருங்கினால் உயரத்தைக் கூட்டிக் காட்டும், நைந்து நீண்டுவிட்டால் குறைத்துக் காட்டும். என் ஐந்தடி இரண்டுக்கு அதுதான் காரணமாக இருக்கும் என்று எனக்கு நெடுநாளாக ஒரு நம்பிக்கை. ஆஸ்பத்திரி இரும்பு ஸ்கேலோடு வைத்துப் பார்த்தேன். மயிரிழை வித்தியாசம் இல்லை. பையனுடைய கணக்கும் சரி, என்னுடைய கணக்கும் சரி.

வருஷத்துக்கு இரண்டு அங்குலம் என்பது குழந்தைப் பருவத்தின் சாதாரண நடை. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி, பிள்ளை ஆழ்ந்து தூங்கும்போது அலை அலையாக வளர்ச்சி ஹார்மோனை விடுகிறது. அது ஈரலைத் தட்டி எழுப்பி இன்னொரு பொருளைச் சுரக்கவைக்கும். நாங்கள் படிக்கையில் அதைச் சொமட்டோமெடின் என்றார்கள், இப்போது இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி என்கிறார்கள். எலும்பும் தன் பங்குக்கு அதே பொருளைக் கொஞ்சம் செய்துகொள்ளும். எலும்பின் நுனியில் இருக்கும் குருத்தைப் பெருகவைப்பது பெரும்பாலும் அதுதான். இரத்தத்தில் அது நிறைந்தால், போதும் நிறுத்து என்று மேலே சேதியும் போகும். இந்தப் போக்குவரத்தில்தான் இரண்டு அங்குலம் வருகிறது. பருவம் வந்தால் பாலின ஹார்மோன்கள் சேர்ந்துகொள்ளும், ஓட்டம் இரட்டிப்பாகும். ஆனால் ஓடவைக்கிற அதே கைதான் குருத்தை எலும்பாக முற்றவைத்துக் கதவையும் சாத்துகிறது. சீக்கிரம் ஓடினால் சீக்கிரம் கதவு. இந்தப் பிள்ளை இன்று வகுப்பில் நிமிர்ந்து நின்று, நாளைக்கு என்னைவிடக் குள்ளமாக நின்றுபோகக்கூடும்.

இடது கையை எக்ஸ்ரே எடுத்தோம். படத்தை ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். எதிரே ராஜகிரி. மலையில் பாறைக்கும் பாறைக்கும் நடுவே வானம் தெரிகிற இடுக்கு போல, விரல் எலும்புகளின் நுனியில் கறுப்புக் கோடுகள் தெரிந்தன. குருத்து இன்னும் இருக்கிறது. எத்தனை வயதுக் குருத்து என்று சொல்லத்தான் எனக்குத் தெரியவில்லை.

படத்தைப் பழுப்பு உறையில் போட்டுக்கொண்டு பாண்டிச்சேரி பஸ் ஏறினேன். என் பழைய பேராசிரியர் எலும்பு வயது பார்க்கும் படப்புத்தகத்தைத் திறந்து வைத்து ஒவ்வொரு விரலாக ஒப்பிட்டார். பன்னிரண்டரை என்றார். பையனுக்கு என்ன வயது என்று கேட்டார். பள்ளிக்கூடச் சான்றிதழில் பதினொன்றரை என்றேன். ஒரு வருஷ வித்தியாசம் ஒரு வித்தியாசமே இல்லை, எத்தனையோ பிள்ளைகள் அப்படித்தான் என்று படத்தை என் கையில் கொடுத்துவிட்டார். பிறகு மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "உங்க ஊரு சான்றிதழ நீ நம்புறியா?" என்றார்.

திரும்பும் பஸ் முழுக்க அந்தக் கேள்வி என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தது.

மறுநாள் நேராக பாய் கடைக்குப் போய் நோட்டின் முதல் பக்கத்தைக் கேட்டேன். பிள்ளைக்கு நாற்பதாம் நாள் தைத்த ஜிப்பாவின் அளவு இருந்தது, தேதியோடு. கணக்குப் போட்டேன். பையனுக்குப் பத்து வயது, அவன் எலும்புக்குப் பன்னிரண்டரை.

அப்புறம் மெதுவாகச் சொன்னார். வீட்டில் தொல்லை தாங்காமல் மூன்றரை வயதிலேயே பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார். அப்போதெல்லாம் ஐந்து வயதுக்கு அத்தாட்சி, வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடுவதுதான். இவனுக்கு எட்டாது. அதனால் தலையைச் சாய்த்துத் தொட ஒரு வாரம் வீட்டில் பயிற்சி கொடுத்திருக்கிறார். ஹெட்மாஸ்டர் சிரித்துக்கொண்டே ஐந்து என்று எழுதிவிட்டார்.

"அப்ப வகுப்புல அவன் குள்ளம் இல்ல பாய். சின்னவன். கூட நிக்கிறவனுங்க எல்லாம் ஒன்றர வயசு பெரியவனுங்க."

பாய் கத்தரியைக் கீழே வைத்தார். எத்தனையோ பேரை அளந்த மனிதர், தன் பிள்ளையை மட்டும் தப்பான ஆளுக்குப் பக்கத்தில் நிறுத்தி அளந்திருக்கிறார் என்பது அவருக்கு உடனே புரிந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து நான் கேட்டேன். மருந்து வேண்டாம், மருந்து இல்லாத வேறு எதையாவது தினமும் கொடுக்கிறீர்களா?

"சத்து மாத்திரதான் டாக்டர். ஒரு வருசமா. அது மருந்தா?"

யார் கொடுத்தது என்று கேட்டேன். கீழே வைத்த கத்தரியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. மருந்துக்கடைக்காரனா, அவலூர்பேட்டைச் சந்தையில் வேர் விற்கிறவனா, எந்தப் போலி டாக்டர் என்று சத்தம் போட்டேன். அவனை விடமாட்டேன் என்றும் சொன்னேன். விறுவிறுவென்று மருந்துக்கடைக்கு நடந்தேன். பாய் பின்னாலேயே ஓடிவந்தார். கடைக்காரர் சாவகாசமாக மேஜை அறையைத் திறந்து, ரேஷன் கார்டு போல பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்த ஒரு சீட்டை நீட்டினார்.

என் கையெழுத்து. செஞ்சியிலேயே யாராலும் போலியாகப் போட முடியாத கோழிக் கிறுக்கல்.

டைபாயிடில் எலும்பும் தோலுமான பாயின் மாமனாருக்கு, உடம்பு தேறுவதற்காக நான் எழுதிக் கொடுத்த மாத்திரை. ஆண் ஹார்மோன் வகையைச் சேர்ந்தது. அப்போது அதை நாங்கள் கை கூசாமல் எழுதுவோம். ஒரு மாதம் என்று வாயால் சொன்னேன், சீட்டில் எழுதவில்லை. மாமனார் நன்றாகத் தேறிவிட்டார். சீட்டு வீட்டில் தங்கிவிட்டது, பிறகு மாதாமாதம் வாங்க வசதியாகக் கடைக்கே போய்விட்டது. ஊர் வழக்கப்படி, ஒருவருக்குக் கேட்ட சீட்டு எல்லாருக்கும் கேட்கும்.

"அந்தச் சீட்ட எதுக்கு பாய் எங்கிட்ட மறைச்சீங்க?"

"ஊசி கேட்டதுக்கே சிரிச்சீங்க. மாத்திரன்னு சொன்னா இன்னும் சிரிப்பீங்க இல்ல?" என்றார் பாய்.

கடைக்காரர் என்னையும் பாயையும் மாறி மாறிப் பார்த்தார். விடமாட்டேன் என்று சொன்ன ஆளை நான் அன்று விட்டுவிட்டேன். வேறு வழியில்லை, அவனோடுதான் அன்று இரவு சாப்பிட வேண்டியிருந்தது.

மாத்திரையை நிறுத்தினோம். பரு ஆறு மாதத்தில் வாடியது. பையனுக்குத்தான் என்மேல் கோபம். அடுத்த ரம்ஜானுக்கு ஒரு அங்குலம்தான் ஏறியிருந்தது. அவனைப் பொறுத்தவரை நான் அவன் உயரத்தைத் திருடியவன். முற்றிய எலும்பைப் பார்த்து உடம்பே பருவத்தை முன்கூட்டித் தொடங்கிவிடக்கூடும் என்று, உண்மை வயதைச் சொன்னதும் பேராசிரியர் எச்சரித்திருந்ததால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவனைப் படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைவீதியில் என்னைத் தூரத்தில் கண்டாலே சைக்கிளைத் திருப்பிக்கொள்வான். பன்னிரண்டாவது வயதில்தான் விதைகள் பெருக்க ஆரம்பித்தன. இந்த முறை உத்தரவு சரியான இடத்திலிருந்து வந்திருந்தது.

இடமாற்றலாகிப் போன பிறகும் ரம்ஜான் தோறும் பாயிடமிருந்து ஒரு போஸ்ட் கார்டு வரும். நலம் விசாரிப்பு இருக்காது. அங்குலம் மட்டும் இருக்கும். கடைசிக் கார்டில் ஐந்தடி நாலு, இரண்டு வருஷமாக ஒரு நூலும் ஏறவில்லை என்று எழுதியிருந்தார். பாய் ஐந்தடி ஆறு. அந்த மாத்திரை இல்லாமல் இருந்திருந்தால் பிள்ளை அப்பாவை எட்டியிருப்பானா, இல்லை அவன் அளவே அவ்வளவுதானா என்பதை எந்தப் படப்புத்தகமும் எனக்குச் சொல்லாது. பேராசிரியரைக் கேட்டால் சமாதானமாக ஏதாவது சொல்லியிருப்பார். சமாதானத்தைச் சந்தேகப்பட்டு, நான் கேட்கவில்லை.

கார்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் இன்னொரு வரி இருந்தது: "உங்களைவிட ரெண்டு அங்குலம் கூடத்தான். சிரிக்கலாம் டாக்டர்."