பதினொரு நிமிடம் இருபது விநாடி

அக்காவின் ரெஸ்யூமைப் பார்த்தால் எவனும் வேலை கொடுக்க மாட்டான். சராசரி அழைப்பு நேரம் பதினொரு நிமிடம் இருபது விநாடி. வாடிக்கையாளர் திருப்தி எழுபத்தொரு சதவீதம். என் ரெஸ்யூமில் நாலு நிமிடம் நாற்பது விநாடி, தொண்ணூற்று மூன்று சதவீதம். கூடப் பிறந்தவர் இல்லை, வேலையிடத்தில் எல்லோருக்கும் அவர் அக்கா. எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி, ஒரே வேலை. இந்த எண்களை வைத்து யார் கெட்டிக்காரி என்று கேட்டால் சின்னக் குழந்தைகூட என்னைத்தான் காட்டும். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் கால் சென்டர் வீட்டு இணைய இணைப்புக்கானது. இணைப்பு போச்சு, பில் தப்பு, ஆள் வரவில்லை, இதுதான் நாள் முழுக்க. ஒரு அழைப்பை ஆறு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். கத்துகிறவர், அழுகிறவர், நாலு மாதப் புகாரை முதலிலிருந்து சொல்கிறவர் வந்தால் என்ன செய்வோம்? மூன்றாவது நிமிடத்தில் டிரான்ஸ்ஃபர் பொத்தானை அமுக்கி அக்காவின் தலையில் கட்டிவிடுவோம். அமுக்கியதும் எங்கள் கடிகாரம் நின்றுவிடும், அவருடையது ஓட ஆரம்பிக்கும். பேசி முடித்ததும் போகிற "எத்தனை மதிப்பெண் தருவீர்கள்" என்ற சர்வேயும் கடைசியாகப் பேசியவர் கணக்கில்தான் ஏறும். நாங்கள் மூட்டிவிட்ட கோபத்துக்கு மதிப்பெண் வாங்குவது அவர்.

அக்கா யாருக்கும் தள்ளிவிட மாட்டார். பொறுமையாகக் கேட்பார், பழைய குறிப்புகளைப் படிப்பார், கம்பி இழுக்கிற ஆளைக் கூப்பிட்டுப் பேசுவார், வாடிக்கையாளரிடம் சொன்ன நேரத்துக்குத் திரும்பக் கூப்பிடுவார். ஒன்பது வருடம் அப்படித்தான். வீட்டில் போன் அடித்தால் மட்டும் எழுந்திருக்க மாட்டார், புருஷன்தான் எடுக்க வேண்டும். காது மரத்துப்போய்விட்டது என்பார். அந்த மனிதர் லேத் பட்டறையில் இரண்டு விரலைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கிறார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. அக்காவின் ஒரு சம்பளத்தில் மூன்று பேர்.

எங்கள் கால் சென்டர் தளத்தை மூடப்போவதாகக் காகிதம் ஒட்டிய அன்று எல்லோரும் ரெஸ்யூம் எழுத உட்கார்ந்தோம். அடுத்த தெருவிலேயே புதிதாக ஒரு கால் சென்டர் ஆள் எடுத்துக்கொண்டிருந்தது. அவர்களுடைய விண்ணப்பத்தில் மூன்று கட்டம்: அழைப்பு நேரம், திருப்தி, தர மதிப்பெண். சாப்பாட்டு அறையில் அக்கா தன் வாராந்திர ஸ்கோர் தாள்களை மேசையில் பரப்பினார். தர மதிப்பெண் தொண்ணூற்றாறு. தரம் பார்க்கிறவர்கள் மாதம் ஐந்து அழைப்புகளை ஒட்டுக்கேட்டு, தகவல் சரியா, முறையாகப் பேசினாரா, குறிப்பு எழுதினாரா என்று பார்த்துப் போடுகிற மதிப்பெண் அது. தளத்திலேயே அதுதான் அதிகம். என்னுடையது எண்பத்திரண்டு.

"நேரத்தக் கொஞ்சம் கொறச்சுப் போடுக்கா. யாரு பாக்கப் போறாங்க" என்றேன்.

"போய்ச் சேர்ந்த முதல் வாரமே பல்லிளிச்சிரும்டி" என்றார்.

பிறகு தாளின் வலது ஓரத்தில் இதுவரை யாருமே படிக்காத ஒரு கட்டத்தைக் காட்டினார். ஒரு நாளைக்கு அவர் எடுக்கும் முப்பது அழைப்பில் பதினெட்டு மற்றவர்கள் தள்ளிவிட்டவை. ஏழு நாளுக்குள் அதே புகாருக்குத் திரும்பக் கூப்பிட்டவர்கள் அவரிடம் நூற்றுக்கு ஏழு பேர். தளத்தின் சராசரி இருபத்து மூன்று. என் தாளையும் பார்த்தேன். எனக்கு வந்த அழைப்புகளில் நூற்றுக்கு முப்பத்தொன்றைத் தள்ளிவிட்டிருக்கிறேன். தாளைச் சட்டென்று மடித்துவிட்டேன், அதற்குள் அக்கா பார்த்துவிட்டார்.

அக்கா டீம் லீடரிடம் போய், கடினமான அழைப்புகள்தான் தன்னிடம் வந்தன என்று ஒரு வரி எழுதித் தரச் சொல்லிக் கேட்டார். எழுதினால் மற்றவர்கள் பிழைப்பு கெடும் என்று அவர் கையை விரித்துவிட்டார். மறுநாள் பிரிண்டரில் அந்த ஆளுடைய ரெஸ்யூம் கிடந்தது. "சிக்கலான புகார்களுக்குத் தனி முறையை உருவாக்கித் திரும்ப வரும் அழைப்புகளைக் குறைத்தேன்" என்று கொட்டை எழுத்தில். அவர் உருவாக்கிய முறையாம்! அந்த முறை என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஆறிப்போன சோற்றை மூன்று மணிக்குத் தின்றுகொண்டிருந்தது.

அக்கா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவர் மேசைக்குப் போனார். கத்துவார் என்று நினைத்தோம். ஹெட்செட்டில் பேசுகிற அதே குரலில், "வணக்கம் சார். நான் ஒன்பது வருஷமா செஞ்ச வேலை உங்க பேர்ல பதிவாகியிருக்கு. உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துறேன். வேற ஏதாவது உதவி வேணுமா?" என்றார். தளமே சிரித்தது. நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். டீம் லீடர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் அந்த வரியை அவர் எடுக்கவில்லை, அக்காவுக்கு எழுதியும் தரவில்லை.

அக்கா மூன்று கட்டத்திலும் உண்மையைப் போட்டு, அந்த ஏழு சதவீதத்தையும் பதினெட்டு அழைப்பையும் ரெஸ்யூமின் முதல் வரியில் எழுதி அனுப்பினார். பத்தே நிமிடத்தில் வருந்துகிறோம் என்று செய்தி வந்தது. அழைப்பு நேரம் எட்டு நிமிடத்துக்கு மேல் போனால் கம்ப்யூட்டரே தள்ளிவிடுமாம், முதல் வரியை மனுஷர் யாரும் படிக்கவே இல்லை. என்னை நேர்காணலுக்கு வரச் சொன்னார்கள்.

போகிற அன்று காலை அக்கா என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். தன் ரெஸ்யூமை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தார்.

"நீ பொய் ஒண்ணும் சொல்ல வேணாம்டி. பேச்சு வந்தா நடந்ததச் சொல்லு, இதக் குடு. அவ்வளவுதான்."

கண்டிப்பாகச் சொல்கிறேன் என்று கையைப் பிடித்துச் சொன்னேன்.

நேர்காணல் செய்தவர் நடுத்தர வயது அம்மாள், தானும் ஒரு காலத்தில் ஹெட்செட் மாட்டியவர்தான். என் எண்களை விரலால் தொட்டுக்கொண்டே, நாலு நாற்பது நல்ல நேரம், எப்படி முடிந்தது என்று கேட்டார். பிரச்சினையைச் சீக்கிரம் பிடித்துவிடுவேன் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்ததைக் கேட்டார்.

"பெரிய புகாருக்குன்னு தனியா ஒரு மேசை போடப் போறோம். அதுக்கு நேரக் கணக்கு கிடையாது. உங்க டீம்ல கஷ்டமான கால் எல்லாம் யாரு எடுப்பாங்க?"

உறை என் பையில் இருந்தது. ஜிப்பைத் திறந்தால் போதும். திறந்தால் அடுத்த கேள்வி, அப்படியென்றால் நீங்கள் எத்தனை தள்ளிவிட்டீர்கள் என்பதுதான். முப்பத்தொன்று.

"எல்லாரும் பிரிச்சு எடுத்துக்குவோம் மேடம்" என்றேன்.

வேலை கிடைத்துவிட்டது. ஒரு வாரம் அக்காவின் போனை எடுக்காமல் இருந்தேன். எட்டாம் நாள் கடைத்தெருவில் எதிரே வந்துவிட்டார். கையில் அதே மாதிரி இன்னும் நாலைந்து உறைகள். வேலை கிடைத்ததா என்று கேட்டார், முகமெல்லாம் சந்தோஷம். பிறகு, கஷ்டமான அழைப்புகளைப் பற்றி ஏதாவது கேட்டார்களா என்று கேட்டார். அவரிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. தனி மேசை, அந்தக் கேள்வி, என் பதில் எல்லாவற்றையும் சொன்னேன். என் குரல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

அவர் திட்டியிருக்கலாம், நாலு அறை விட்டிருக்கலாம், நான் நின்று வாங்கியிருப்பேன். உறைகளை மார்போடு அணைத்துக்கொண்டு அந்த ஹெட்செட் குரலில் பேசினார்.

"தகவலுக்கு நன்றி மேடம். உங்களுக்கு வேற ஏதாவது உதவி வேணுமா?"