என் வாக்கியம், அவளுடைய சொற்களில்

ஆசிரியர்களாகப் போகிறவர்களுக்கு நான் பதுளையில் பாடம் நடத்துகிறேன். கட்டுரை எழுதுவது எப்படி, பிறர் எழுதியதை எடுத்தாள்வது எப்படி என்பதுதான் என் பாடம். மாணவர்கள் என் முதுகுக்குப் பின்னால் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஒப்படையைக் கொடுத்தால் சிவப்பு மையில் குளிப்பாட்டித் தருவாள் என்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவர்கள் செய்யும் தந்திரம் கொஞ்சமா? புத்தகத்தில் 'பாடசாலை' என்றிருந்தால் 'பள்ளிக்கூடம்' என்று போடுவார்கள். 'வறுமை'க்கு 'ஏழ்மை', 'முக்கியமான'வுக்கு 'பிரதானமான'. வாக்கியம் நின்ற இடத்திலேயே நிற்கும், சட்டை மட்டும் மாறியிருக்கும். கேட்டால், சொந்த நடையில்தானே மிஸ் எழுதியிருக்கிறேன் என்று முகத்தை அப்பாவியாக வைத்துக்கொள்வார்கள். ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பிலேயே இதற்காகக் கத்துவேன்.

நான் சொல்லிக்கொடுக்கும் முறை எளிது. புத்தகத்தில் ஒரு பந்தியைப் புரியும்வரை படியுங்கள். புத்தகத்தை மூடுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்வதுபோல உங்கள் சொற்களில் எழுதுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து ஒப்பிடுங்கள். எழுதியவர் சொல்லாததை நீங்கள் சேர்த்திருக்கக் கூடாது, சொன்னதை விட்டிருக்கவும் கூடாது. அவர் 'சிலர்' என்றால் உங்களிடமும் 'சிலர்' இருக்க வேண்டும். கடைசியில் அவர் பெயரையும் ஆண்டையும் போடுங்கள். சொற்கள் உங்களுடையவையாக இருக்கலாம், கருத்து அவருடையது. பெயர் போடாவிட்டால் அது களவு. இதையெல்லாம் மேசையைத் தட்டித்தான் சொல்வேன்.

கடந்த தவணையில் மூன்று பேர் எழுதியதை வாசித்து, அவற்றைத் தம் சொற்களில் எடுத்துச் சொல்லி ஓர் ஒப்படை எழுதச் சொன்னேன். தலைப்பு, தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் இடையில் படிப்பை நிறுத்துவது. வெளிநாட்டுக்காரர் எழுதியதையே தேடாதீர்கள், நம் ஊவா மாகாணத்தில் எழுதியவர்களையும் பாருங்கள் என்று பெரிய மனசோடு சொன்னேன். சொன்னது என் வாய்தான்.

பெரகலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வரும் பெண் ஒருத்தி அந்த வகுப்பில் இருந்தாள். அதிகம் பேசமாட்டாள். அவள் அம்மா இன்னும் கொழுந்து பறிக்கிறார் என்பது மட்டும் எனக்குத் தெரியும். சனிக்கிழமை காலை வீட்டில் உட்கார்ந்து ஒப்படைகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது அவளுடையது கைக்கு வந்தது. இரண்டாம் பக்கத்தில் இப்படி ஒரு வாக்கியம்: 'தோட்டப் பிள்ளைகளின் படிப்பு நின்றுபோவதற்கு, கொழுந்து பறிக்கும் தாய்மார் அதில் அக்கறை காட்டாததே காரணம் என்று இவர் கருதுகிறார்.' அதன் பின்னால் அடைப்புக்குறி. அதற்குள் என் பெயர், ஆண்டு.

எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. நானா? மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்தின் ஓரறை வீட்டில் பிறந்தவள் நான். என் அம்மா கூடை சுமந்துதான் என்னைப் படிக்கவைத்தார். நான் அப்படிச் சொல்வேனா? ஓரத்தில் சிவப்பு மையில், 'மூலத்தின் பொருள் திரிக்கப்பட்டுள்ளது. மீண்டும் எழுதிச் சமர்ப்பிக்கவும்' என்று அழுத்தி எழுதினேன். மீண்டும் சமர்ப்பித்தால் அவளுடைய முடிவு மற்றவர்களோடு வராது. ஆசிரியர் நியமனமும் பிந்தும். அது தெரிந்தேதான் எழுதினேன்.

அவள் எடுத்தாண்டது, மாகாண இலக்கிய விழா மலர் ஒன்றில் நான் எழுதிய கட்டுரை. அந்த மலர் எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் பொலித்தீன் உறை போட்டு நிற்கிறது. போட்டவர் அம்மா. மலர் வந்த அன்று அதை அவருக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும், என் கட்டுரைத் தமிழோ அவருக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு கோயிலில் தேவாரம் கேட்பதுபோலக் கேட்டார். நல்லா இருக்கு என்றார். அதற்குப் பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் அலுமாரியைத் திறந்து காட்டுவார்.

திங்கட்கிழமை மதியம் அந்தப் பெண்ணை என் அறைக்குக் கூப்பிட்டேன். நூலகத்தில் எடுத்த அந்த மலரோடு வந்தாள். ஆசிரியரைச் சீண்டிப் பார்க்கிறாயா என்ற தொனியில்தான் நான் ஆரம்பித்தேன். நீங்கள் எழுதியது என்று தெரிந்துதான் எடுத்தேன், உள்ளூர்க்காரர் எழுதியதைத் தேடச் சொன்னீர்களே என்றாள். அவள் குரலில் குறும்பு இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். இல்லை.

மலரைத் திறந்து என் முன் வைத்தாள். நான் எழுதியிருந்தது இது: 'கொழுந்துக் கூடையின் பாரத்தைச் சுமக்கப் பழகிய தாயின் முதுகு, புத்தகப் பையின் பாரத்தை நினைத்துப் பார்க்க மறந்த நாளிலேயே எம் சிறாரின் கல்விச் சுடர் அணைந்தது.' விழா மேடையில் இந்த வாக்கியத்துக்குக் கை தட்டினார்கள். எழுதும்போது எனக்கே மெய்சிலிர்த்தது. முதுகு, பாரம், சுடர் என்று எல்லாம் வரிசையாக வந்து விழுந்ததில், நான் யாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறேன் என்று பார்க்கவே இல்லை.

இப்போது பார்த்தேன். கூடையையும் சுடரையும் எடுத்துவிட்டால் அவள் எழுதியதுதான் மிச்சம். ஓர் இம்மி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

தோற்றுப்போனவள் பேசுவதுபோலப் பேசினேன். நான் எல்லாத் தாய்மாரையும் சொல்லவில்லையே, சிலரைத்தானே சொன்னேன் என்றேன்.

"'சிலர்'னு எங்கயாச்சும் இருக்கான்னு பாத்தேன் மிஸ். இருந்திருந்தா நானும் போட்டிருப்பேன். வேற காரணம் ஏதும் சொல்லியிருக்கீங்களான்னு கட்டுரை முழுக்க ரெண்டு தரம் படிச்சேன். இல்லாதத நான் எப்பிடிச் சேக்குறது?"

அடுத்த பந்தியை விரலால் காட்டினாள். அதில் அவள் தன் கருத்தாக எழுதியிருந்தாள். பஸ் வராத பாதை, ஆசிரியர் இல்லாத வகுப்பு, கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் தாய்க்குக் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதது. என்னுடைய கருத்தோடு தான் ஏன் உடன்படவில்லை என்று மரியாதையாக, கூர்மையாக எழுதியிருந்தாள். சனிக்கிழமை என் பெயரைப் பார்த்த கோபத்தில் நான் அந்தப் பந்திக்கே போகவில்லை.

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். அதற்குப் பிறகு நான் கேட்டதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. இந்த ஒப்படைகள் மேற்பார்வைக்கு வெளியே போகும், மற்ற விரிவுரையாளர்கள் பார்ப்பார்கள் என்ற பயம் எனக்கு. குரலைத் தாழ்த்தி, ஏதோ அவளுக்கு நன்மை செய்வதுபோலச் சொன்னேன்.

"நீ எழுதுனது சரிதான். 'இவர் கருதுகிறார்'ங்கிறதையும் அந்த அடைப்புக்குறியயும் மட்டும் எடுத்துரு. கருத்து இருக்கட்டும். ஒனக்கு நான் புள்ளி கொறைக்க மாட்டேன்."

பெயர் போடாவிட்டால் களவு என்று மேசையைத் தட்டிய அதே வாய். அவள் அந்த வாக்கியத்தின் மேல் விரலை வைத்தாள். கண் கலங்கியிருந்தது.

"பேர எடுத்துட்டா அது நான் சொன்னதா ஆயிரும் மிஸ். எங்கம்மாவ நானே அப்பிடிச் சொன்னதா ஆயிரும். வேணும்னா திருப்பி எழுதுறேன், பிந்துனாலும் பரவால்ல. பேர மட்டும் எடுக்க மாட்டேன்."

அவள் முன்னாலேயே சிவப்புக் குறிப்பைக் கோடு போட்டு அடித்தேன். புள்ளியைப் போட்டுக் கையெழுத்து வைத்தேன், அந்த வகுப்பில் அதுதான் அதிகப் புள்ளி. மன்னித்துக்கொள் என்று சொல்லியிருக்க வேண்டும். மழை வருகிறது, பஸ்ஸுக்கு நேரத்தோடு போ என்றுதான் சொல்ல வந்தது. ஒப்படை அன்றைக்கே மேற்பார்வைக்குப் போக வேண்டியிருந்தது. அதற்கு முன் அந்த வாக்கியத்தை, அடைப்புக்குறியோடு, ஒரு துண்டுத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போனபோது அம்மா தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தார். நான் குடிக்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து என்ன என்று கேட்டார். ஒரு பிள்ளை எழுதியதில் சின்னப் பிரச்சினை என்றேன். அம்மாவுக்கு என் மாணவர்கள் எழுதுவதைக் கேட்கப் பிடிக்கும். வாசி பார்ப்போம் என்றார். ஏன் வாசித்தேன் என்று தெரியவில்லை. யாரிடமாவது உதை வாங்க வேண்டும்போல இருந்தது என்று நினைக்கிறேன். துண்டுத் தாளை எடுத்து அந்த வாக்கியத்தை வாசித்தேன். 'அக்கறை காட்டாததே காரணம்' என்ற இடத்தோடு நிறுத்திக்கொண்டேன். 'என்று இவர் கருதுகிறார்' என்பதையும் என் பெயரையும் விட்டுவிட்டேன்.

இந்தத் தமிழ் அம்மாவுக்கு உடனே புரிந்தது. கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் பிந்தினால் அரைப்பேர்தான் போடுவார்கள், பாதிச் சம்பளம்தான் கிடைக்கும் என்றார். அப்படியிருந்தும் மழைநாளில் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் ஓடை கடக்கும்வரை என்னைத் தூக்கிக்கொண்டு வந்து விட்டுவிட்டுத் திரும்ப மலைக்கு ஓடுவாராம். கங்காணியிடம் ஏச்சு வாங்காத மழைநாளே இல்லையாம். அவர் எனக்குச் சொல்லவில்லை. சுவருக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே போனார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"யாரு அப்பிடிச் சொன்னது? அந்தப் புள்ளையா?"

தலையை ஆட்டியிருந்தால் போதும். பெரகலைப் பக்கத்துப் பெண்ணை அம்மா பார்க்கப்போவதே இல்லை, எந்தக் காலத்திலும் தெரியவந்திருக்காது. தலை கிட்டத்தட்ட ஆடியேவிட்டது. பேர மட்டும் எடுக்க மாட்டேன் என்று அவள் சொன்ன முகம் வந்து நின்றது.

"இல்லம்மா. நான்தான் சொன்னேன். அந்த மலர்ல எழுதியிருக்கேன். அந்தப் புள்ள நான் எழுதுனத லேசான தமிழ்ல சொல்லியிருக்கு, அவ்வளவுதான்."

அம்மா அலுமாரியைப் பார்த்தார். ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் என்னை ஏசவில்லை. ஏதோ தன் காதில்தான் பிழை என்பதுபோல, மெதுவாகக் கேட்டார்.

"அன்னைக்கு நீ வாசிச்சப்ப நல்லா இருந்துச்சே."