மகளுக்குன்னு செஞ்ச திரை

லுணுகலை டவுன்ல ஒரு கம்யூனிகேஷன் கடையில டைப் பண்றவ நான். கல்யாணப் பத்திரிகை, மரண அறிவித்தல், கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் என் கையாலதான் போகும். சுத்தியிருக்கிற தோட்டத்துப் பள்ளிக்கூடங்களோட வினாத்தாளும் எங்க கடைக்குத்தான் வரும். ஊருக்கெல்லாம் எழுத்தடிச்சுக் குடுக்கிறவளுக்கு வாசிக்கத் தெரியாத மக. இதைச் சொல்லிச் சிரிச்ச வாயெல்லாம் எனக்கு நல்லாவே தெரியும்.

என் மக பத்தாம் ஆண்டுக்கு வந்தும் ஒரு பக்கத்தை முழுசா வாசிச்சதில்ல. மக்குன்னு நினைச்சிராதீங்க. வகுப்புல சொன்னதை ஒரு தடவை கேட்டா வீட்டுக்கு வந்து அப்படியே ஒப்பிப்பா. கண்டி ராஜாக்களை வரிசையா சொல்லுவா, யார் யாரைக் கவுத்தாங்கன்னு கதையும் சொல்லுவா. புத்தகத்தைத் திறந்தாத்தான் போச்சு. "எழுத்தெல்லாம் கழண்டு கழண்டு போகுதும்மா"ன்னு சின்னதுல அழுதுக்கிட்டே சொல்லுவா. பெரியவளானதும் சொல்றதை விட்டுட்டா, வாயை மூடிக்கிட்டு இருக்கப் பழகிட்டா.

பள்ளிக்கூடத்து அதிபர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு உக்கார வச்சுப் பேசினார். "இந்தத் தவணையும் இப்படின்னா ஓ.எல். அரசாங்கப் பரீட்சைக்கு உக்கார வைக்க ஏலாதும்மா. பள்ளிக்கூடத்து ரிசல்ட்டும் பார்க்கணுந்தானே. கூட்டிக்கிட்டுப் போயிருங்க" அப்படின்னார். எங்க வீட்டுக்காரருக்கு அது போதும். அவர் தங்கச்சி கொழும்புல ஒரு புடவைக் கடையில நிக்குது, பிள்ளையை அங்க அனுப்புவோம்னு நாலு தடவை சொன்ன மனுசன். "இந்தத் தவணை முடியட்டும்"னேன். பாஸ் பண்ணினா படிப்பு, இல்லன்னா கொழும்பு. தோட்டத்து லய வரிசையில எங்க ஒத்தைக் காம்பரா வீட்டுல அப்படித்தான் பேச்சு முடிஞ்சுச்சு.

அதுக்கு முன்னாடியே நான் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருந்தேன். அங்க பிள்ளைகளைச் சோதிச்சுப் பார்க்கிற மிஸ் ஒரு காலை முழுக்க பிள்ளையோட உக்காந்து பார்த்துட்டு, "கண்ணும் நல்லாயிருக்கு, அறிவும் நல்லாயிருக்கு. இதுக்குப் பேரு டிஸ்லெக்சியா"ன்னு சொன்னாங்க. மருந்து மாத்திரை இல்லையாம். விசேஷமா சொல்லிக்குடுக்க ஆள் வேணும், அது நம்ம பக்கம் கிடைக்கிறது கஷ்டமாம். "அதுவரைக்கும் ஒரு ஸ்கிரீன்ல எழுத்தை அவளுக்குத் தோதா வச்சுக் குடுங்க. நோய் தீராது, ஆனா களைப்பு குறையும்" அப்படின்னாங்க. டைப் பண்றவகிட்ட இதைச் சொன்னா விடுவேனா?

கடை முதலாளியோட பழைய டெப் ஒண்ணு, புத்தக சைஸ்ல தொடுதிரை, மூலையில கிடந்துச்சு. கெஞ்சி வாங்கினேன். முதல்ல டிஸ்லெக்சியாவுக்குன்னே செஞ்ச ஃபொன்ட் ஒண்ணை நெட்ல இருந்து இறக்கினேன். சனியன், அதுல தமிழே இல்ல! இங்கிலீசு எழுத்து மட்டும் மாறுது, தமிழ் அசையல. அப்புறம் தமிழ் ஃபொன்ட் ஒவ்வொண்ணா போட்டுப் பார்த்தோம். வளைவு சுழிவு இல்லாம, கோடெல்லாம் ஒரே தடிப்பா இருக்கிறதா தேடினேன். ரகரமும் காலும் ஒரே மாதிரி இருக்கிற ஃபொன்ட்டை அவளே தூக்கிப் போட்டா. கடைசியில ரகரத்துக்குக் கீழ வால் தெளிவா இழுத்திருக்கிற ஒண்ணு பிடிச்சுப்போச்சு.

வெள்ளைப் பின்னணி அவ கண்ணைக் குத்துச்சு. லேசா மஞ்சள் கலந்த வெள்ளை, கஞ்சித் தண்ணி மாதிரி ஒரு நிறத்தை அவதான் எடுத்தா. எழுத்தை அட்டக் கறுப்பா வைக்காம அடர்ந்த சாம்பல் ஆக்கினேன். சைஸைக் கூட்டி, வரிக்கும் வரிக்கும் நடுவுல ஒன்றரை மடங்குக்கு மேல இடம் விட்டு, சொல்லுக்கும் சொல்லுக்கும் நல்லா விலக்கி, எழுத்துக்கு நடுவுல மட்டும் கொஞ்சமா விட்டேன். வரி நீளத்தையும் குறைச்சேன். வலது பக்கம் ஒரே நேரா வெட்டின மாதிரி நிக்கிறதை எடுத்துட்டு, இடது பக்கம் மட்டும் ஒட்டி நிக்க விட்டேன். அது நேரா நிக்கணும்னா சொல்லுக்கு நடுவுல கண்டபடி ஓட்டை விழும், அவ அந்த ஓட்டைக்குள்ள விழுந்துருவா.

இதுல ஒரு வில்லங்கம் இருக்கு, டைப் பண்றவங்களுக்கு மட்டும் தெரிஞ்சது. எங்க பக்கம் கடையிலயும் பள்ளிக்கூடத்துலயும் இன்னும் பழைய ஃபொன்ட்லதான் அடிக்கிறோம். அதுல "கொ"ன்னு அடிச்சா கொம்பு தனி, ககரம் தனி, கால் தனி. புள்ளியும் தனி. எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நின்னு ஒரே எழுத்து மாதிரி காட்டும். நடுவுல இடத்தைக் கூட்டினா கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்னு பிரிஞ்சு போயிரும். அதனால ஒவ்வொரு பாடத்தையும், எழுத்து பிரியாம முழுசா நிக்கிற யூனிகோடுக்கு மாத்தித்தான் டெப்ல ஏத்தினேன். கடையில சாப்பாட்டு நேரத்துல நானே உக்காந்து மாத்தி, சரி பார்த்துத்தான் பிள்ளைக்குக் காட்டுவேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை நான் அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தேன். அவ வாசல் படியில உக்காந்து, ஒரு விரலை வரிக்குக் கீழ வச்சுக்கிட்டு, வெள்ளைக்காரனை எதிர்த்த வெல்லஸ்ஸ கிளர்ச்சிப் பாடத்தை வாசிக்கிறா. மெதுவாத்தான், தடுக்கித் தடுக்கித்தான். ஆனா வாசிக்கிறா! பக்கம் முடிஞ்சதும் நிமிர்ந்து, "அம்மா, இது நம்ம ஊவாவுல நடந்ததா? சேர் சொல்லவே இல்லயே" அப்படின்னா. களைஞ்ச அரிசியை அப்படியே வச்சுட்டு அவளைக் கட்டிப் பிடிச்சு அழுதேன். "விடும்மா, அடுத்த பக்கம் இருக்கு"ன்னு தள்ளி விட்டா கழுதை.

வரலாறு சேர் நல்ல மனுசன், சின்ன வயசு. அந்த டெப்பை அவர்கிட்டக் காட்டினேன். அதிபர்கிட்டப் பேசி, தவணைப் பரீட்சையில வினாத்தாளை மட்டும் டெப்ல பார்க்கலாம், விடையைக் கடதாசியில எழுதணும்னு அனுமதி வாங்கிக் குடுத்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் போற அந்த வினாத்தாளை டைப் பண்ணினது நான்தான், டெப்ல ஏத்தினதும் நான்தான். அதுல ஒரு கேள்வியைப் பத்திக்கூட வீட்டுல மூச்சு விடல. சாமி சத்தியமா விடல.

வரலாறுல பாதிக்கு மேல மார்க் எடுத்துட்டா. எழுத்துப்பிழை ஆயிரம், ஆனா விடை சரி. லயம் முழுக்கக் காட்டிக்கிட்டுத் திரிஞ்சா. ரெண்டு நாள்தான். அதிபர் கூப்பிட்டு அனுப்பினார். "டைப் பண்ணினது யாரு? நீங்கதானே? இத்தனை வருசம் வாசிக்காத பிள்ளை ஒரு தவணையில வாசிச்சிருச்சாக்கும்?" எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிச்சு. "என் பிள்ளை கள்ளியும் இல்ல, நான் கள்ளியும் இல்ல. புதுசா வினாத்தாள் செஞ்சு உங்க கண்ணு முன்னாடியே வைங்க"ன்னு கத்திட்டு வந்தேன்.

வச்சாங்க. ஒஃபீஸ் கம்ப்யூட்டர்ல, வரலாறு சேரே அடிச்ச புது வினாத்தாள். நான் தொடக்கூடாதுன்னு அதிபர் கண்டிப்பா சொல்லிட்டார், டெப்பும் கூடாதாம். "நிறம், சைஸ், இடைவெளி எல்லாம் நான் பார்த்திருக்கேன்தானே, அதே மாதிரி செய்றேன்" அப்படின்னார் சேர். "பழைய ஃபொன்ட்ல மட்டும் வேணாம் சேர், யூனிகோடுக்கு மாத்திருங்க. உள்ள விடுறதுக்கு முன்னாடி நான் தூர நின்னு ஒரு தடவை பார்க்கிறேனே"ன்னேன். "சரிங்கம்மா, நான் பார்த்துக்கிறேன்"னு சேர் தலையாட்டினார். பார்க்க விடல. நான் வெளிய நின்னேன். மழைத் தூத்தல், மலையெல்லாம் மூடிக்கிடந்துச்சு.

நேரம் முடிஞ்சு அவ வந்தா. மூஞ்சியில ஒண்ணுமே இல்ல. அழுகையும் இல்ல. "ஏதும் எழுதலம்மா"ன்னா. "ஏன்டி?"ன்னு கேட்டேன். "திரும்ப வந்துருச்சும்மா. எழுத்தெல்லாம் கழண்டு போச்சு."

யாரையும் கேக்காம உள்ள போனேன். ஸ்கிரீன் இன்னும் அணையல. நிறம் அச்சா அதே கஞ்சித் தண்ணி நிறம். சைஸ் சரி. வரிக்கு வரி தாராளமா இடம். பாவம், அந்த மனுசன் அவ்வளவும் பார்த்துப் பார்த்துத்தான் செஞ்சிருக்கார். ஆனா அவசரத்துல பழைய ஃபொன்ட்லயே அடிச்சு, எழுத்துக்கு நடுவுலயும் இடத்தை அள்ளிக் குடுத்திருக்கார். கொம்பெல்லாம் முன்னாடி தனியா நிக்குது. காலெல்லாம் பின்னாடி தனியா நிக்குது. புள்ளி எழுத்து மேல இல்லாம, வெறும் இடத்துக்கு மேல தொங்குது. வருசக்கணக்கா டைப் பண்ற எனக்கே வாசிக்க முடியல.

"ஐயையோ"ன்னு சேர் தலையில கை வச்சார். அவர் ஸ்கிரீனைத் திரும்பிப் பார்க்கவே இல்லையாம், பிள்ளை குனிஞ்சு வாசிக்குதேன்னு நினைச்சாராம். நான் போட்ட சத்தத்துல பக்கத்து வகுப்பெல்லாம் அடங்கிப்போச்சு. அதிபர் ஒரே வார்த்தைதான் கேட்டார்: "வாசிக்க ஏலாதுன்னா பிள்ளை வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே?" அவ கதவுகிட்ட நின்னுக்கிட்டே சொன்னா, "எனக்கு எப்பவும் அப்படித்தானே சேர் தெரியும்."

அதிபரும் மனுசன்தான். அடுத்த கிழமை இன்னொரு தடவை வைப்போம், அம்மாவே வந்து ஸ்கிரீனைச் சரி பண்ணட்டும்னு சொன்னார். எனக்குப் போன உசிர் திரும்பி வந்துச்சு. அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "வேணாம் சேர்"னா.

வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போகாம நேரா கடைக்கு இழுத்துக்கிட்டுப் போனேன். அதே மாதிரி பழைய ஃபொன்ட்ல ஒரு பக்கம் அடிச்சு, எழுத்துக்கு நடுவுல இடத்தைக் கூட்டி, அவ கண்ணு முன்னாடியே பிரிச்சுக் காட்டினேன். "பாருடி. கம்ப்யூட்டர்தான் பிரிக்குது. உன் கண்ணு இல்ல, உன் மண்டை இல்ல. எனக்கும் இப்படியேதான் தெரியுது!" முதலாளியையும் கூப்பிட்டேன். அவரும் எட்டிப் பார்த்துட்டு, "ஆமா பிள்ள, கொம்பு தனியா போயிருக்குதானே" அப்படின்னார்.

அவ ஸ்கிரீனைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. கோபமே இல்லாம, சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி மெதுவா சொன்னா: "உனக்கு நல்லாத்தான் தெரியும்மா. எனக்காக நீ பொய் சொல்லாத."

நான் நாள் கணக்கா சொன்னேன். கெஞ்சினேன், திட்டினேன், ஒரு நாள் கை நீட்டிட்டேன். சேர் லயத்துக்கே வந்து மன்னிப்புக் கேட்டார். அவருக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தா, "பரவாயில்ல சேர்"னு சிரிச்சா, உள்ள போயிட்டா. நாங்க எல்லாரும் பாவம் பார்த்துச் சேர்ந்து நடிக்கிறோம்னு அவ நினைப்பு. பொறந்ததுல இருந்து உன்கிட்டத்தான் பிழைன்னு கேட்டு வளர்ந்த பிள்ளை, ஒரே ஒரு தடவை பிழை மெஷின்லன்னு சொன்னா எப்படி நம்புவா?

இப்ப அவ கொழும்புல புடவைக் கடையில நிக்கிறா. நாள் முழுக்க நிக்கணுமாம், காலு வலிக்குதாம். ராத்திரியில ஃபோன்ல குரல்தான் அனுப்புவா, நானும் குரல்தான் அனுப்பணும். ஒரு நாள் டைப் பண்ணி அனுப்பிட்டேன். பெரிய எழுத்தா, நல்லா இடம் விட்டு, சாப்பிட்டியான்னு ஒரே ஒரு சொல்லு. கொஞ்ச நேரத்துல அவ குரல் வந்துச்சு: "அம்மா, ஏதோ அனுப்பியிருக்க. கடையில யாராவது சும்மா இருந்தா வாசிச்சுக் காட்டச் சொல்றேன்."