அறுப்பு மாதத்தில் நிறுத்த அரிசி

எழுபதுகளில் என் வேலை, பிறர் வீட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்து அரிசியை நிறுப்பது. செங்கல்பட்டு மாவட்டத்தில் எந்தெந்த ஊர்க் குழந்தைகள் அரைவயிற்றோடு இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு கணக்கெடுப்பு நடந்தது. ஒவ்வொரு ஊரிலும் குலுக்கிப்போட்டு எடுத்த சில வீடுகள். அந்த வீடுகளுக்கு விடிந்ததும் போய், உலையில் போடும் முன் அரிசி, பருப்பு, கீரை, மீன் எல்லாவற்றையும் பச்சையாக நிறுத்து எழுத வேண்டும். குறைவாகச் சாப்பிடும் ஊருக்கு மதியச் சாப்பாட்டோடு ஒரு பால்வாடி வரும். ஜனங்கள் எனக்குத் தராசம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் யாரும் என்னைக் கேட்டு வைக்கவில்லை.

எந்த ஊருக்கு எந்த மாதம் போவது என்று பட்டியல் போட்டவள் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. மாமல்லபுரத்துக்கு வடக்கே இருந்த மீனவக் குப்பத்தைக் கார்த்திகையில் வைத்தேன். மழைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும், கட்டுமரம் இறங்காது, எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், ஒரு வீடும் தப்பாது. மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் இருந்த உள்ளடங்கிய ஊர் ஒன்றைத் தை மாதத்தில் வைத்தேன். மழையில் அந்தப் பாதையில் ஜீப் இறங்காது. தையில் தரை காய்ந்திருக்கும். பண்டிகை நாளில் நிறுக்கக்கூடாது என்பது விதி. அதனால் காணும் பொங்கல் கழிந்து ஒரு வாரம் விட்டுத்தான் போனேன். இதைவிட ஒழுங்காக யார் பட்டியல் போட முடியும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஏரிக்கரை ஊரில் கூலி வேலைக்குப் போகிற ஒருத்தி இருந்தாள். அவளுடைய பெண் குழந்தைக்கு இரண்டு வயது முடிந்தும் நடை வரவில்லை. கால்கள் விளக்குமாற்றுக் குச்சி மாதிரி இருந்தன. பால்வாடி வருமா என்று முதல் நாளே கேட்டாள். எனக்குத் தெரியாது, நிறுத்துப் பார்த்துத்தான் முடிவாகும் என்றேன். அவள் முறத்தில் அரிசியைக் கொண்டுவந்தாள். நல்ல அளவு. தட்டில் கொட்டியபோது முள் சட்டென்று சாய்ந்தது.

"அறுப்புக் கூலி நெல்லும்மா இது. தை மாசம் எல்லா வூட்லயும் சோறுதான். இத்தப் பாத்து எழுதிக்கினு போனீன்னா எப்டி? ஐப்பசியில வந்து பாரு" என்றாள்.

இருப்பதை நிறுப்பதுதான் என் வேலை என்று சொன்னேன். அப்படிச் சொன்னதை இப்போது நினைத்தாலும் எனக்குக் கன்னத்தில் அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. அவள் உலையில் அரிசியைப் போட்டுவிட்டு, அரிவாளை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனாள்.

கணக்கு கூட்டிப் பார்த்தபோது குப்பம் பட்டியலில் கீழே இருந்தது, பால்வாடி அதற்கு. ஏரிக்கரை ஊர் மேலே இருந்தது, அதற்கு ஒன்றுமில்லை. அறிக்கை தட்டச்சுக்குப் போயிற்று.

மாசியில், எழுதியதைச் சரிபார்க்கக் குப்பத்துக்குப் போக நேர்ந்தது. கார்த்திகையில் கஞ்சித் தண்ணீரும் உப்புக் கருவாடும் மட்டும் பார்த்த அதே வீடுகள். இப்போது ஒவ்வொரு சட்டியிலும் மீன் கொதித்துக்கொண்டிருந்தது. சங்கரா, நெத்திலி, ஒரு வீட்டில் வஞ்சிரத் தலை. பிள்ளைகள் வாயெல்லாம் குழம்பு. கூடையைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னாம்மா, எங்க வயித்துல ஈரத்துணி கீற நாளாப் பாத்து வந்துட்டுப் போன. இப்பத்தான் கடலு குடுக்குது. குந்து, ஒரு வாய் துன்னுட்டுப் போ."

அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன். நான் இந்த ஊருக்குப் பசி மாதத்திலும் அந்த ஊருக்கு வயிறு நிறைந்த மாதத்திலும் போயிருக்கிறேன். ஆட்கள் வீட்டில் இருக்கும் காலம், ஜீப் போகும் காலம் என்று என் சௌகரியத்தைப் பார்த்தேனே தவிர, சட்டியில் என்ன இருக்கும் காலம் என்று பார்க்கவில்லை. பண்டிகை மூன்று நாள்தான் என்று தள்ளிவைத்தேன். அறுப்பு மாதம் முழுக்கவே அவர்களுக்குப் பண்டிகை என்பது மண்டையில் ஏறவில்லை. அந்தக் குழம்பைச் சாப்பிட்டேன்.

மறுநாள் என் அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். கோபித்துக்கொள்ளாத மனிதர், அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. கண்ணாடியைத் துடைத்தபடியே கேட்டார்.

"இரண்டு ஊருக்கும் இரண்டு காலத்திலயும் எடுத்தாத்தானே சரியா வரும்?"

"ஆமாம் சார்."

"குப்பத்துக்கு இப்பவே எடுத்துடலாம். அந்த ஊருக்கு?"

"ஐப்பசி வரைக்கும் காத்திருக்கணும் சார்."

"அதுவரைக்கும் ரெண்டு ஊருக்குமே பால்வாடி கிடையாது. தெரியுதில்ல?"

தெரிந்தது. ஒரு குழந்தையின் எட்டு மாதம் என்றால் என்ன என்று தெரிந்துதான் தலையாட்டினேன். அவர் அறிக்கையைத் திரும்ப வாங்கி, அந்த இரண்டு ஊர்களையும் நிறுத்திவைத்தார்.

ஐப்பசியில் நடவும் களையெடுப்பும் முடிந்து, வயலில் வேலை இல்லாமல், மழை மட்டும் இருந்தது. ஜீப்பைப் பெரிய சாலையில் விட்டுவிட்டு, சேற்றில் நடந்து போனேன். வருகிறேன் என்று தலையாரி மூலம் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தேன். அந்தக் கூலிக்காரி வாசலிலேயே நின்றாள். குழந்தை அவள் இடுப்பில் இருந்தது; இன்னும் நடக்கவில்லை. முறத்தில் அரிசி வைத்திருந்தாள். தையில் பார்த்த அதே அளவு. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் துவரம்பருப்பு.

எனக்குப் புரியவில்லை. அடுப்பைப் பார்த்தேன். சாம்பல் ஈரமாகக் கிடந்தது. அந்த அடுப்பில் நேற்று உலை வைத்த அடையாளம் இல்லை.

"எங்க கிடைச்சுது?"

"மேலத் தெருவுல கேட்டு வாங்கியாந்தேன். நீ வரேன்னு சொன்னாங்கோ. வர்றவங்களுக்கு வெறும் பானையக் காட்டறதா?"

"இதை நிறுத்தா உனக்கு பால்வாடி வராது."

"அதுக்கோசரம்? ஊரே பாக்க என் வூட்ல ஒண்ணும் இல்லன்னு எழுதுவியா?"

மற்ற வீடுகளிலும் அதே கதை. இருக்கிறதோ இல்லையோ, எல்லோரும் என்னை எதிர்பார்த்து எங்கிருந்தோ வாங்கி வைத்திருந்தார்கள். மாதத்தைச் சரியாகப் பிடித்தேன். நாளைத் தண்டோரா போட்டுவிட்டேன். விருந்தாளி வந்த நாளில் நிறுக்கக்கூடாது என்பதும் விதிதான். அந்த விருந்தாளி நானாக இருப்பேன் என்று விதி எழுதியவர்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. தராசைப் பையைவிட்டு எடுக்காமல் திரும்பினேன்.

ஆறாம் நாள், யாரிடமும் சொல்லாமல், விடிந்ததும் மழையோடு மழையாக நேரே அவள் வீட்டுக்குள் போய் நின்றேன். அவள் எழுந்திருக்கக்கூட இல்லை. பானைக்குள் ஒரு பிடி கேழ்வரகு மாவு. பக்கத்தில் கொஞ்சம் முருங்கைக்கீரை. நான்கு பேருக்கு அன்றைக்கு முழுக்க அவ்வளவுதான்.

"சொல்லாம வந்துட்ட" என்றாள்.

அவள் பானையை என் முன்னால் நகர்த்தி வைத்துவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் நிறுத்தேன். என் தராசில் இருந்த மிகச் சிறிய எடைக்கல்லைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. எழுதும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. வெளியே வந்து அடுத்த வீட்டுக்கும், அதற்கடுத்த வீட்டுக்கும் அப்படியே போனேன்.

அடுத்த சித்திரையில் அந்த ஊருக்குப் பால்வாடி வந்தது. இரு பருவத்தையும் சேர்த்துப் பார்த்ததில் குப்பத்துக்கும் கிடைத்தது. திறந்த அன்று அதிகாரியோடு நானும் போயிருந்தேன். அந்தக் குழந்தை அலுமினியத் தட்டைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நின்றது. தத்தித் தத்தி இரண்டு அடி எடுத்து வைத்தது. அம்மாக்காரி எல்லோருக்கும் கும்பிடு போட்டாள். அதிகாரிக்கு, ஆயாவுக்கு, ஜீப் டிரைவருக்கு.

என் பக்கம் வந்தபோது கையைக் கீழே இறக்கிக்கொண்டாள்.