எத்தியேன் தலை இழந்த கதை

நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி படித்துவிட்டுத் தாங்களாகக் கண்டுபிடித்ததாக யாரும் பெருமைப்பட வேண்டாம். கட்டளையைத் தட்டியதும் கணினி ஒன்றும் பேசாமல் இருந்தால் வேலை ஒழுங்காக முடிந்தது என்று நம்பியவன் நான். மனிதர்கள் விஷயத்திலும் அதே கொள்கைதான். யாராவது என்னிடம் ஒன்றும் பேசவில்லை என்றால், என்னை அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று என்று எடுத்துக்கொள்வேன்.

நெல்லித்தோப்பில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். பிரான்சிலிருந்து பழைய கல்லறைப் பதிவுகளின் படங்கள் வரும். ஏதோ ஓர் ஊரில் எப்போதோ செத்தவர்களின் பெயர்களைப் பார்த்துப் பார்த்து எங்கள் பெண்கள் டைப் செய்வார்கள். அதை ஒன்றாகச் சேர்த்து, அவர்கள் கேட்ட யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியேற்றத்துக்கு மாற்றி அனுப்புவது என் வேலை. லினக்ஸ் தெரிந்தவன் ஆபீஸிலேயே நான் ஒருவன்தான் என்பதால் எனக்குத் தனி மின்விசிறி உண்டு. இந்த வேலை நல்லபடியாகப் போனால் என்னை நிரந்தரம் ஆக்குவதாக முதலாளி சொல்லியிருந்தார். விழுப்புரத்துப் பெண் வீட்டார் கேட்ட ஒரே கேள்வியும் அதுதான்: "பர்மனெண்டா?" ஆகிவிடும் என்று நானும் வாய் கூசாமல் சொல்லியிருந்தேன். முதலாளியின் மச்சினன் கோரிமேட்டில் கம்ப்யூட்டர் கிளாஸ் நடத்திக்கொண்டிருந்தான். என் நாற்காலியை அவன் பார்க்கும் பார்வை, மீன் கூடையைப் பூனை பார்ப்பதுபோல இருக்கும்.

இன்னொருவர் மதாம். பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். பிழை திருத்துவது அவர் வேலை. முதலாளி முதல் டீ கொண்டுவருபவர் வரை எல்லோருக்கும் அவர் மதாம்தான். மூக்கால் அவர் 'எத்தியேன்' என்று சொல்வதை டீ நேரத்தில் நான் நடித்துக் காட்டுவேன். ஜலதோஷம் பிடித்த ஆடு கூப்பிடுவதுபோல வரும். பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஒருநாள் எல்லோரும் திடீரென்று சிரிப்பை நிறுத்தினார்கள். திரும்பிப் பார்த்தால் கையில் டம்ளருடன் மதாம். ஒன்றும் சொல்லவில்லை. அதனால் அவருக்கும் என் நடிப்பு பிடித்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

எங்களிடம் பத்துக் கணினிகள். நான்கு பழசு, டாஸில் ஓடும் ஒரு டைப்பிங் மென்பொருள் அவற்றில் இருந்தது. மற்றவை விண்டோஸ். சனிக்கிழமை சாயங்காலம் ஒவ்வொருவரும் தங்கள் கோப்பைக் கொண்டுவந்து என் சர்வரில் போடுவார்கள். அவரவர் கோப்பின் முதல் வரியில் மெஷின் நம்பரை டைப் செய்துவிடுவது வழக்கம். நான் cat என்ற கட்டளையைப் போட்டு எல்லாவற்றையும் motham.txt என்ற ஒரே கோப்பின் வாலில் ஒட்டிவிட்டு, சர்வரிலும் மெஷின்களிலும் இருந்த தனிக் கோப்புகளை அழித்துவிடுவேன். எதன் டிஸ்க்கிலும் இடம் கிடையாது. அந்தச் சுத்தத்தில் எனக்கு ஒரு பெருமை வேறு.

பழைய கணினிகள் வேறு பாஷை பேசுகின்றன என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். டாஸ் எழுதும் கோப்பில் é என்ற எழுத்து 82 என்ற பைட். விண்டோஸில் அதே எழுத்து E9. விண்டோஸ் அட்டவணையில் 82 என்பதோ தரையில் உட்கார்ந்த ஒரு மேற்கோள் குறி. பார்க்கக் கமா மாதிரியே இருக்கும். இரண்டையும் ஒரே கோப்பில் ஒட்டிவிட்டால் எந்த வரி எந்தப் பாஷை என்று, குறியேற்றம் மாற்றும் iconv கட்டளை எப்படிக் கண்டுபிடிக்கும்? உள்ளே இருப்பது எந்தப் பாஷை என்று -f போட்டு நாம் சொல்வதை அது அப்படியே நம்பும். நான் CP1252 என்று சொன்னேன். அதாவது, எல்லாம் விண்டோஸ்.

முதல் தடவை ஓட்டியபோதே அது கத்தியது. "illegal input sequence at position" என்று ஓர் எண்ணைப் போட்டு, பாதிக் கோப்போடு நின்றுவிட்டது. அந்த இடத்தில் என்ன பைட் இருக்கிறது என்று od போட்டுப் பார்த்திருந்தால் 90 என்று தெரிந்திருக்கும். டாஸில் அது பெரிய É, எத்தியேன் போன்ற பெயர்களின் முதல் எழுத்து. விண்டோஸ் அட்டவணையில் அந்த எண்ணுக்கு எழுத்தே கிடையாது. நான் பார்க்கவில்லை. உதவிப் பக்கத்தில் -c என்று ஒன்று இருந்தது: மாற்ற முடியாததை வெளியீட்டிலிருந்து விட்டுவிடும். சேர்த்தேன்.

iconv -f CP1252 -t UTF-8 -c motham.txt > anuppu.txt

சத்தமே இல்லை. head போட்டு முதல் பத்து வரி பார்த்தேன். முதலில் ஒட்டியது விண்டோஸ் மெஷின் கோப்பு. முத்து முத்தாக இருந்தது. மூன்று சனிக்கிழமையும் இப்படியே ஓட்டி, anuppu.txt-ஐ மதாமுக்குப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். மூன்று தடவையும் அவர் வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

அனுப்ப வேண்டிய நாளில் மதாம் கேட்டுக்கொண்டதால், முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார். மச்சினனும் எங்கிருந்தோ வந்து நின்றான். மதாம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நான் கொடுத்த பிரிண்டை எடுத்து, இருக்கிற எழுத்தை மட்டும் வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார்.

"தியேன். தியேன் யாரு? எத்தியேன். தலைய வெட்டியாச்சு. லிசபெத். அவளுக்கும் தலையில்ல. மில். பாவம், எமில்னு பேரு வச்ச அப்பன் செத்து நூறு வருசம் ஆச்சு, வந்து கேக்க மாட்டான்." பக்கத்தைத் திருப்பினார். "ஆந்த்ரே இல்ல, ஆந்த்ர், கமா. ரெனுக்கு ஒரு கமா. செத்தவங்க வால்ல எல்லாம் கமா. அவங்களுக்கு இன்னும் ஏதோ பாக்கி இருக்குன்னு தம்பி நெனச்சிக்கினு இருக்காப்ல."

பெண்கள் சிரிப்பை அடக்கப் பார்த்தார்கள். முடியவில்லை. என் நடிப்புக்குச் சிரித்த அதே பெண்கள். இதற்குக் கூடுதலாகவே சிரித்தார்கள்.

"இன்னாப்பா இது?" என்றார் முதலாளி.

"டைப்பிங் மிஸ்டேக் சார்," என்றேன். நாக்கு எனக்கு முன்னால் ஓடக்கூடியது.

பழசுகளில் ஒன்றான நான்காம் மெஷினில் உட்காரும் வீராம்பட்டினத்துப் பெண் அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவள். சட்டென்று நிமிர்ந்தாள். "யோவ் அண்ணே, வாய்க்கு வந்தத சொல்லாத. நான் É போட்டேன். இப்பவும் போட்டுக் காட்டறேன், என் ஸ்க்ரீன்ல வருதா இல்லையான்னு வந்து பாரு."

"நான் பாத்துட்டேன்," என்றார் மதாம். "மொத வாரமே. மெஷின்ல இருந்துச்சு, இவன் குடுத்த பேப்பர்ல இல்ல."

"அப்பவே சொல்லியிருக்கலாமே மதாம்!" என்றேன்.

"நீ நல்லா நடிக்கிறியே, எவ்ளோ நாள் நடிப்பன்னு பாத்தேன்."

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். "சாயங்காலம் பைல் போவணும். உன்னால ஆவுமா, இல்ல இவன உக்கார வைக்கவா?" மச்சினன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

"ஆவும் சார்," என்றேன். ஆகவும் ஆகும். அவமானத்தில் மூளை வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. anuppu.txt-இல் போன É போனதுதான், திரும்பாது. ஆனால் motham.txt-இல் பைட்டுகள் யார் கையும் படாமல் அப்படியே கிடக்கின்றன. ஒவ்வொரு துண்டின் தலையிலும் மெஷின் நம்பர் இருக்கிறது. அந்த வரிகளில் வெட்டிப் பிரித்து, பழைய நான்கையும் டாஸின் CP850 என்று சொல்லியும் மற்றவற்றை CP1252 என்று சொல்லியும் மாற்றி, மறுபடி ஒட்ட வேண்டியதுதான். -c எதற்கும் தேவையில்லை. அரை மணி நேர வேலை.

அந்த அரை மணி நேரத்தைப் பேசாமல் செய்திருந்தால் இன்றைக்கு எனக்கு விழுப்புரத்தில் மாமனார் வீடு. ஆனால் எல்லோரும் சுற்றி நிற்கிறார்கள். ஒரு வித்தை காட்டாமல் எப்படி விடுவது?

"இப்ப பாருங்க சார், எத்தியேனுக்குத் தலை மொளைக்கும்," என்றேன். விண்டோஸ் வரிகள் கெட்டுத்தான் வரும். டாஸ் வரிகள் சரியாக வருவதைக் காட்டினால் போதும் என்று கணக்கு. மேல்நோக்கிய அம்புக்குறியை அழுத்திப் பழைய கட்டளையைக் கொண்டுவந்தேன். CP1252-ஐ CP850 ஆக்கினேன். -c-யை எடுத்தேன். கடைசியில் இருந்த anuppu.txt-ஐ அழித்துவிட்டு, புதுப் பெயர் ஒன்றைக் கொடுக்க நினைத்தவன், பழக்கத்தில் mo என்று தட்டி டேப் அடித்தேன், மீதிப் பெயரைக் கணினியே நிரப்பிக்கொண்டது.

iconv -f CP850 -t UTF-8 motham.txt > motham.txt

என்டர். சத்தமே இல்லை. கண் சிமிட்டுவதற்குள் முடிந்தது.

"பாத்தீங்களா? ஒரு எரர் கூட இல்ல!" என்று கையை விரித்துக்கொண்டு எல்லோரையும் பார்த்தேன்.

எரர் எப்படி வரும்? அந்த > குறியைப் பார்த்ததும், iconv-ஐக் கூப்பிடுவதற்கு முன்பே, கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல், எழுத இடம் வேண்டும் என்று அந்தக் கோப்பைக் காலி செய்துவிடுகிறது. iconv வந்து திறந்து பார்த்தபோது உள்ளே ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததில் தப்பான பைட் ஏது? ஒன்றுமில்லாததை மிகச் சரியாக யுடிஎஃப்-8-க்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போயிற்று.

மச்சினன்தான் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "ls -l போடு மாப்ள," என்றான். கிளாஸ் நடத்துகிறவன், அந்த அளவுக்குத் தெரிந்திருந்தது. போட்டேன். motham.txt-க்கு நேராக, கோப்பின் அளவு இருக்க வேண்டிய இடத்தில், ஒரு பூஜ்ஜியம்.

"இன்னாது அது?" என்றார் முதலாளி.

"ஜீரோ மாமா. மொத்தமும் போச்சு," என்றான் மச்சினன். அவன் குரலில் அவ்வளவு கனிவை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"பேக்கப்பு?"

லினக்ஸ் சாகவே சாகாது, பேக்கப் எல்லாம் விண்டோஸ்காரன் பயம் என்று அவரிடமே பலமுறை சொன்னவன் நான். இப்போது என் தலையும் எத்தியேன் தலையும் ஒரே இடத்தில் கிடந்தன. விண்டோஸ் வரிகளாவது anuppu.txt-இல் தப்பியிருந்தன; மூன்று வாரத்து டாஸ் வரிகளை இனித் திரும்ப டைப் செய்ய வேண்டும். அதைச் செய்ய வேண்டிய நான்கு பெண்களும் என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதி அங்கேயே வெந்துபோனேன்.

"செத்தவன மறுபடி சாவடிச்சிட்டியே அண்ணே," என்றாள் நான்காம் மெஷின்காரி.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் ஒட்டுவதற்கு முன்னால், மதாம் மெஷின் மெஷினாகப் போய் ஃபிளாப்பியில் கோப்புகளை எடுத்துக்கொண்டு போவார். கைப்பையில் ரப்பர் பேண்ட் போட்ட ஃபிளாப்பிக் கட்டு. என்மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை. அதையும் நான் டீ நேரத்தில் நடித்துக் காட்டியிருக்கிறேன்: கிழவி ரேஷன் கடைக்குப் பை தூக்கிக்கொண்டு போவதுபோல.

அத்தனை பேருக்கு முன்னால் எழுந்து அவரிடம் போனேன். அந்தக் கட்டில் மெஷின் வாரியாகத் தனித்தனிக் கோப்புகள். பிரிக்கிற வேலைகூட மிச்சம். வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் நான் அவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை.

"மதாம், அந்த ஃபிளாப்பி எல்லாம் இன்னும் வச்சிருக்கீங்களா?"

மதாம் கைப்பையைத் திறந்து கட்டை வெளியே எடுத்தார். ரப்பர் பேண்டைக்கூடக் கழற்றவில்லை. என்னைத் தாண்டிக் கையை நீட்டி மச்சினனிடம் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்:

"இருக்குது. உனக்கு இல்ல."