பியெரினாவின் கைக்குட்டை

ஜெனீவாவில் எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் கண்ணாடி டம்ளர் கழுவும் வேலை பியெரினாவுக்கு. குழந்தைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று பார்ப்பது எங்கள் பிழைப்பு. தண்ணீரை ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றி, "எதில் அதிகம்?" என்று வாரம் முழுக்கக் கேட்போம். ஈரம் காயாத டம்ளரைக் குழந்தை கையில் கொடுத்தால் பியெரினா முறைப்பாள். நாங்கள் பட்டம் வாங்கியவர்கள், அவள் இத்தாலி மலைக்கிராமத்துக்காரி. ஆனாலும் அந்த அறையில் அவள் பேச்சுதான் செல்லும்.

கழுவும் தொட்டிக்கு மேலே சுவரில் ஓர் அட்டவணை தொங்கும். பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரை குழந்தைக்குக் கையும் கண்ணும் வாயும்தான் அறிவு. இரண்டிலிருந்து ஏழு வரை பேச்சு வந்துவிடும், ஆனால் கண்ணுக்குத் தெரிவதே உண்மை. ஏழிலிருந்து பதினொன்று வரை கையில் இருக்கும் பொருளைப் பற்றி ஒழுங்காக யோசிக்கும். பதினொன்று, பன்னிரண்டுக்கு மேல், கண்முன் இல்லாததையும் யோசிக்கும். வயது முன்பின் ஆகலாம், வரிசை மாறாது. பியெரினா அதை ரயில் நேர அட்டவணை மாதிரி படித்தாள். அப்படிப் படிக்கக்கூடாது என்று நானாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

1956 ஆகஸ்டில் அவள் மகன் துலியோவுக்கு ஏழு மாதம். அவள் கணவன் எத்தோரே கட்டட வேலைக்கு வந்தவன். அவனுடைய வேலை அனுமதிச் சீட்டில் பிள்ளையைக் கூட வைத்துக்கொள்ள இடமில்லை. கூரையடி அறையில் அழுகைச் சத்தம் வெளியே வராமல் ஒளித்து வளர்த்தார்கள். யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஒரு மாதத்தில் குழந்தை நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று கடிதம் வந்தது. ஊரில் எத்தோரேவின் அக்கா ஜெமா இருந்தாள், பிள்ளை இல்லாதவள்.

அந்த வாரம் நான் காப்பகத்தில் கைக்குழந்தைகளோடு வேலை செய்துகொண்டிருந்தேன். பியெரினா துடைக்கும் துணியோடு வந்து பக்கத்தில் நின்றாள். குழந்தை கையை நீட்டும் பொம்மையை, அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே துணியால் மூடினேன். ஏழு மாதக் குழந்தை கையை இழுத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிட்டது.

"ஏன் தேடல, மாட்மோசெல்?" கல்யாணமாகாத பெண்ணைப் பிரெஞ்சில் அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள்.

"கண்ணுல படலைன்னா அதுக்கு அப்படி ஒரு பொருளே இல்ல. எட்டு மாசம், ஒன்பது மாசம் ஆனாத்தான் துணியை எடுத்துப் பார்க்கும்."

"அப்போ எட்டுக்கு முன்னாடி தேடாது?"

"தேடாது," என்றேன், பெரிய மேதாவி மாதிரி. நான் பேசியது பொம்மையைப் பற்றி. அவள் கேட்டது தன்னைப் பற்றி. தலையில் பலகை விழுந்தால்கூட உறைக்காத வயது எனக்கு, இருபத்து மூன்று.

அடுத்த வெள்ளிக்கிழமையே அவள் ரயிலேறினாள். துலியோவுக்கு எட்டு மாதம் நிறைய ஆறு நாள் இருந்தது. திரும்பி வந்து சொன்னாள்: "தூங்கும்போது வச்சிட்டு வந்துட்டேன். தேட மாட்டான்." சொல்லிவிட்டு ஒரே டம்ளரை மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

வருஷத்துக்கு இரண்டு தடவை, கிறிஸ்துமஸுக்கும் ஆகஸ்டுக்கும், ஊருக்குப் போவாள். முதல் கிறிஸ்துமஸில் அவளைக் கண்டதும் துலியோ ஜெமாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீறிட்டானாம். மூன்றாம் நாள்தான் கிட்ட வந்தான். பியெரினா கரண்டியைத் தன் கைக்குட்டைக்கு அடியில் ஒளித்தாள். எடுத்தான். மறுபடி ஒளித்தாள், எடுத்தான். பிறகு அவன் கண்முன்னாலேயே பக்கத்துத் துண்டுக்கு அடியில் வைத்தாள். அவனோ கைக்குட்டையைத்தான் தூக்கிப் பார்த்தான்.

"அந்த வயசுல அப்படித்தான், பியெரினா. முதல்ல கிடைச்ச இடத்துலயே தேடுவாங்க."

அவள் முகம் மலர்ந்தது. "அப்போ பரவால்ல. அவனுக்கு முதல்ல கிடைச்சவ நான்தான?"

நான் குறிப்பேட்டில் எதையோ எழுதுவது போல் குனிந்துகொண்டேன்.

துலியோவுக்கு ஐந்து வயதானபோது எங்கள் டம்ளர்களை இரவல் வாங்கிக்கொண்டு போனாள். சோளமாவுக் களி வேகும் அடுப்பங்கரையில் உட்காரவைத்து, இரண்டு டம்ளரில் சமமாகப் பால் ஊற்றினாள். ஒன்றை ஒல்லி டம்ளருக்கு மாற்றினாள். ஒல்லியில்தான் நிறைய என்று சாதித்தானாம். அதை நடித்துக் காட்டி எங்கள் எல்லோரையும் சிரிக்க வைத்தாள். கை துடைத்துவிட்டு, சிரிப்பு அடங்குவதற்குள் சொன்னாள்: "நான் ஏன் ஊருல இல்லன்னு கேட்டேன். 'நான் படுக்கையை நனைச்சேன்ல, அதான் நீ போயிட்ட'ன்னான்."

"அது அந்த வயசு யோசனை. ஏழு, எட்டுல போயிடும்," என்றேன்.

"போயிடுமா?"

"போயிடும்."

அவனுடைய எட்டு வயதில், கிறிஸ்துமஸுக்குப் போனபோது பாலை ஊற்றி முடிப்பதற்குள் கையைத் தட்டிவிட்டானாம். "எதுவும் சேர்க்கல, எதுவும் எடுக்கல. அதே பால்தான். இதுகூடத் தெரியாதா உனக்கு?" ஆகஸ்டில் ஏமாந்தவன் கிறிஸ்துமஸில் ஏமாறவில்லை. நடுவில் ஏதோ ஒரு நாள் அது நடந்திருக்கிறது. அன்று அவள் இங்கே எங்கள் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஊரார் பிள்ளைகளுக்கு அந்த நாள் எப்போது வரும் என்று பக்கம் பக்கமாக எழுதியவர்கள் நாங்கள். ஜெமாவை அவன் அம்மா என்று கூப்பிட ஆரம்பித்து வருஷங்கள் ஆகியிருந்தன.

எத்தோரேவின் சீட்டு மாறவும், இரண்டு அறை வீடு காட்டவும், காத்திருக்கச் சொன்ன காலம் முடியவும் 1968 ஆகிவிட்டது. அனுமதி வந்த அன்று பியெரினா நிலையத்தில் எல்லோருக்கும் கேக் கொடுத்தாள். கட்டில் வாங்கிவிட்டாள். துலியோ ஒரு வார்த்தை சரி என்றால் போதும், அடுத்த ரயிலில் போய்க் கூட்டி வந்துவிடுவாள். அப்படித்தான் கடிதமும் போட்டாள்.

பத்து நாளில் பதில் வந்தது. கோடு போட்ட பள்ளிக்கூடத் தாள், அழகான கையெழுத்து. தொட்டிக்குப் பக்கத்து மேஜையில் வைத்து, "படிங்க, மாட்மோசெல்," என்றாள். அவளுக்கே படிக்கத் தெரியும். படித்தும் விட்டிருந்தாள்.

'அன்புள்ள அம்மாவுக்கு. நன்றாக யோசித்துப் பார்த்தேன். அப்போது நான்கு வழிகள் இருந்தன. ஒன்று, நீங்கள் இருவரும் என்னோடு ஊரில் இருந்திருக்கலாம். இரண்டு, அப்பா மட்டும் போய், நீங்கள் என்னோடு இருந்திருக்கலாம். மூன்று, நீங்கள் மட்டும் போய், அப்பா இருந்திருக்கலாம். நான்கு, இருவரும் போவது. வேறு வழி இல்லை, எல்லாவற்றையும் எழுதிப் பார்த்துவிட்டேன். ஒன்றில் நாம் பட்டினி கிடந்திருப்போம், அது புரிகிறது. இரண்டு ஏன் முடியாமல் போயிற்று என்றுதான் எனக்குத் தெரியவில்லை. உங்கள் மேல் கோபம் இல்லை. நான் வரவில்லை. எனக்கு இங்கே அம்மா இருக்கிறார்.'

எந்த வழியையும் விடாமல், ஒன்றையும் இரண்டு முறை சொல்லாமல், நடக்காததையும் வரிசையாக அடுக்கியிருந்தான். பன்னிரண்டு வயதில் வரும் என்று நாங்கள் எழுதி வைத்தது அப்படியே வந்திருந்தது. நிலையத்தில் எந்தப் பிள்ளையும் எனக்கு இவ்வளவு சுத்தமான பதில் தந்ததில்லை. இப்படி நினைத்த என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"இது கடைசி நிலைதானே?" என்றாள், அட்டவணையைப் பார்த்தபடி.

"ஆமா."

"இதுக்கு மேல எதுவும் வராதா?"

"எங்க அட்டவணையில இல்ல, பியெரினா."

"அந்த ரெண்டாவது வழி அன்னைக்கே தோணுச்சு எனக்கு." அவள் குரல் உயரவில்லை. "போறதா, இருக்கிறதான்னு ராப்பகலா அடிச்சுக்கிட்டேன். தேட மாட்டான்னு நீங்க சொன்னீங்க. அதான் போயிட்டேன்."

பன்னிரண்டு வருஷத்தில் அவள் அதைச் சொன்னது அந்த ஒரு முறைதான். நான் பொம்மையைத்தான் சொன்னேன் என்று வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

பியெரினா பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து உதறினாள். கடிதத்தின் மேல் விரித்து, ஓரங்களை நீவிவிட்டாள். இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிறகு ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"போகல," என்றாள். "அங்கேயேதான் இருக்கு."