கணவன் பெயரில்லாத கருமாதிப் பத்திரிகை

தொண்ணூறுகளின் கடைசியில் தாபோடியில் ஒரு சிறிய அச்சகத்தில் கம்ப்யூட்டரில் டைப் செய்து பக்கம் அமைக்கும் வேலை பார்த்தேன். மராத்தி ஊர் அது; முதலாளியும் மராத்திக்காரர். தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால், சுற்றுவட்டாரத் தமிழ்க் குடும்பங்களில் சாவு விழுந்தால் கருமாதிப் பத்திரிகை என் மேசைக்கு வரும்.

ஒரு மழைக்காலக் காலையில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவரும் அவர் மனைவியும் வந்தார்கள். அவர்களின் இருபத்திரண்டு வயது மகள், கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில், பக்கத்து ஊரான சிஞ்ச்வட்டில் புருஷன் வீட்டில் தீக்காயத்தால் இறந்திருந்தாள். ஸ்டவ் வெடித்துவிட்டது என்று அந்த வீட்டில் சொன்னார்கள். இவர் நம்பவில்லை. போலீசில் புகார் கொடுத்திருந்தார்.

"எரிச்சுக் கொன்னுட்டாங்கன்னு போடும்மா," என்றார். குரல் உயரவேயில்லை.

முதலாளியிடம் கேட்டேன். வழக்கு நடக்கும்போது அப்படி அச்சடித்தால் அச்சகமும் மாட்டும் என்று இந்தியில் சொல்லிக் கையை விரித்துவிட்டார். மனிதர் கெட்டவர் இல்லை, பயந்தவர். நானும் பயந்தேன்.

கை பழக்கத்தில் 'இறைவனடி சேர்ந்தார்' என்று அடித்துவிட்டு உடனே அழித்தேன். 'அகால மரணமடைந்தார்' என்று போடலாமா என்று கேட்டேன்.

"அப்படின்னா?"

"காலம் வர்றதுக்கு முன்னாடியே போயிட்டாங்கன்னு அர்த்தம் ஐயா."

"காலமாம்மா செஞ்சுது?"

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சொன்னேன்: "பொய்யா எதுவும் வேணாங்க. விபத்துன்னும் போட வேணாம். தோற்றம், மறைவுன்னு ரெண்டு தேதி மட்டும் இருக்கட்டும்."

அவர் தலையசைத்தார். "அவன் பேரு மட்டும் வரக் கூடாது."

இன்னாரின் மனைவி என்று தொடங்குவதுதான் வழக்கம். அந்த வரியை எடுத்தேன். பெயருக்கு முன்னால் இருந்த 'திருமதி'யையும் எடுக்கச் சொன்னார். புருஷனின் இனிஷியல் போய் அப்பாவின் இனிஷியல் வந்தது. மேலே 'எங்கள் மகள்' என்ற இரண்டு சொற்கள். கீழே தேதிகள் மட்டுமே இருந்ததால் 'மறைந்தாளா', 'மறைந்தாரா' என்ற கேள்விக்கே இடமில்லாமல் போனது.

படம்தான் பெரிய பாடாக இருந்தது. அவர்கள் கொண்டுவந்தது கல்யாணப் படம். அண்மையில் எடுத்தது அது ஒன்றுதான். ஸ்கேன் செய்து, திரையில் மாப்பிள்ளையை வெட்டி எடுத்தேன்; அவள் தோளில் அவன் விரல்கள் நின்றன. அவள் புடவையின் பக்கத்துப் பகுதியை நகலெடுத்து ஒவ்வொரு விரலாக மூடினேன். அந்த அம்மா கண்ணெடுக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முகம் இடப்பக்கம் திரும்பியிருந்தது. படத்தை இடது ஓரத்தில் வைத்தால் அவள் தாளைவிட்டு வெளியே பார்ப்பதுபோல் இருந்தது. படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிப் போடு என்றார் முதலாளி. திருப்பினேன்.

"இது எம் பொண்ணு இல்ல," என்றார் அந்த அம்மா. அவர் பேசியது அதுதான் முதல்முறை. "மூக்குத்தி இந்தப் பக்கம் வந்துடுச்சு."

பழையபடி மாற்றி, படத்தை வலப்பக்கம் வைத்தேன். அவள் பார்வை தன் பெயர்மேல் விழுந்தது. குத்துவிளக்கு, கண்ணீர் விடும் கண் எல்லாம் தயாராகக் கோப்பில் இருந்தன. எதையும் தொடவில்லை. மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று, சுற்றி நிறைய வெள்ளை, ஒரே எழுத்துரு. பெயர் மட்டும் கொஞ்சம் பெரிது. அந்த அப்பா விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு, "சரி" என்றார்.

கருமாதிப் பத்திரிகையைப் படித்ததும் கிழித்துப் போடுவார்கள். இதைப் பலர் கிழிக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். கையில் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் விசாரித்தார்களாம். பத்திரிகை போன நான்காம் நாள் மாப்பிள்ளையின் சித்தப்பா கடைக்கு வந்து அதை மேசையில் வைத்தார்.

"புருஷன் உயிரோட இருக்கான். அவன் பேரு இல்லாம எப்படிம்மா அடிச்சீங்க? எங்க பில்டிங் சொசைட்டில எல்லாரும் கேக்குறாங்க."

"பெத்தவங்க எழுதிக் கொடுத்தபடி அடிச்சோம்."

"உங்களுக்குன்னு ஒரு முறை இல்லையா?"

நான் அடுத்த வேலையின் தாளை எடுத்து மேசையில் விரித்தேன். அவர் போன பிறகு பயம் வந்தது. ஆனாலும் அன்று முழுக்க, ஏதோ சரியாகச் செய்துவிட்டோம் என்ற நினைப்பும் இருந்தது.

வழக்கு சில வருடங்கள் இழுத்தது. அக்கம்பக்கத்தார் ஸ்டவ் வெடித்த சத்தம் கேட்டதாகச் சாட்சி சொன்னார்கள். புருஷன் வீட்டார் எல்லோரும் விடுதலையானார்கள். தீர்ப்பு வந்ததை அந்த அப்பாதான் கடை வாசலில் நின்று சொன்னார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மறு வருடம் ஓய்வு பெற்று, மனைவியுடன் வேலூர்ப் பக்கம் போய்விட்டார்.

நான் அந்த அச்சகத்தில் இன்னும் ஆறு வருடம் இருந்தேன். அதற்குள் தீயில் இறந்த இளம் பெண்களின் பத்திரிகை இரண்டு வந்தன. இரண்டையும் புருஷன் வீட்டார்தான் எழுதிக்கொண்டு வந்தார்கள். 'எதிர்பாராத விபத்தில்' என்று இருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. எழுதியிருந்தபடியே அடித்துக் கொடுத்தேன்.